டெபிட் காட்டாலை போன காசைத் திருப்பிக் கேக்கிற கடிதம்: பாங் எதைத் தேடிப் பாக்கும், நாங்கள் எதை எழுதோணும்

எங்கட ஒழுங்கையிலை இருக்கிற ரீச்சர் ஒருத்தர், ரிட்டயர் ஆகி கனகாலம், நான் அவவை மாமி எண்டுதான் கூப்பிடுறது. பெப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை விடிய அஞ்சரைக்கு எழும்பி ஃபோனைப் பாத்தா நாலு எஸ்எம்எஸ். முதலாவது ரெண்டு பதினாலுக்கு வந்தது, ஒரு டொலர். அடுத்த ரெண்டும் 89.99 டொலர், ரெண்டுக்கும் இடையிலை மூண்டு நிமிசம்தான். நாலாவது காசு காணாது எண்டு திரும்பினது. அவவின்ர பென்சன் வாற கணக்கிலை இருந்து டெபிட் காட்டாலை போயிருக்கு. காட் அவவின்ர ஹான்ட்பாக்குக்குள்ளையே கிடக்கு. ஓடிபி எண்டு ஒண்டும் வரேல்லை.

மாமி கெட்டிக்காரி, உடனை பாங்கின்ர ஹொட்லைனுக்கு அடிச்சு காட்டை நிப்பாட்டிப்போட்டா, அஞ்சு அம்பத்திரண்டுக்கு. அந்தப் பிள்ளை சொன்ன ரெஃபரன்ஸ் நம்பரை நாட்காட்டித் தாளைக் கிழிச்சு பின்பக்கத்திலை எழுதி வைச்சவ. அதுவரைக்கும் எல்லாம் சரி. பிழைச்சது கடிதத்திலை.

நான் முந்தி கொழும்பிலை ஒரு பாங்கிலை காட் பிரிவிலை வேலை செய்தனான், உந்தக் கடிதங்கள் வந்து விழுற மேசைக்குப் பக்கத்திலைதான் என்ர கதிரை. அதாலை இப்ப ஊரிலை ஆராவது காசு போட்டுது எண்டு வந்தா கடிதம் எழுதிக் குடுக்கிறது என்ர தலையிலை விழுந்திருக்கு. மாமி என்னட்டை வந்தது ரெண்டாம் கடிதத்துக்கு. முதலாவதை அவவே எழுதிக் குடுத்து, அதுக்கு பாங்கிலை இருந்து பதிலும் வந்து, அந்தப் பதிலைத் தூக்கிக்கொண்டு வந்து "தம்பி, உவை என்ன சொல்லினம் எண்டு ஒருக்கா வாசி" எண்டு நீட்டினவ.

பதிலிலை இருந்தது இவ்வளவுதான்: உங்கட கணக்குக்குள்ளை அனுமதி இல்லாமல் ஆரும் நுழைஞ்சதுக்கான பதிவு எதுவும் இல்லை, நன்றி. மாமிக்குக் கோவம், பொய் சொல்லினம் எண்டு. பொய் இல்லை. அவ மூண்டு பக்கத்துக்கு அழகான எழுத்திலை எழுதின கடிதத்திலை நடுவிலை ஒரு வசனம் கிடந்தது: "யாரோ எனது வங்கிக் கணக்கை ஹக் செய்து ஏறக்குறைய ஐம்பத்தையாயிரம் ரூபாவை எடுத்துள்ளனர்". கணக்கை ஹக் எண்டு கண்டதும் முறைப்பாட்டுப் பிரிவு அதை இன்ரநெற் பாங்கிங் பாக்கிற ஆக்களுக்கு அனுப்பிப்போட்டுது. அவை லொகின் பதிவுகளைப் பாத்தினம், மாமி இன்ரநெற் பாங்கிங் எடுக்கவே இல்லை, பிறகு என்ன லொகின் இருக்கப்போகுது, ஒண்டும் இல்லை எண்டு எழுதிச்சினம். அவை கேட்ட கேள்விக்கு சரியான பதில்தான். கேள்விதான் பிழை. 6 ஆம் திகதி குடுத்த கடிதத்துக்கு 21 ஆம் திகதி பதில், ரெண்டு கிழமை சும்மா போச்சுது.

ஒன்லைனிலை காசு போறதுக்கு கன வழி இருக்கு, ஒவ்வொரு வழிக்கும் பாங்குக்குள்ளை வேற மேசை, வேற சட்டம். உங்கட கணக்கிலை இருந்து இன்னொருத்தரின்ர கணக்குக்கு உடனடியா மாத்துற பரிமாற்றம் எண்டா அது லங்காபேயின்ர செஃப்ட்ஸ் வழியா போறது, அந்த நிமிசமே மற்றப் பாங்கிலை விழுந்திடும், அதைப் பின்னாலை இழுக்க பொத்தான் கிடையாது. அதிலை கடிதத்தை விட ஃபோன்தான் முக்கியம், மற்றப் பாங் அந்தக் கணக்கை முடக்கிறதுக்கு முதல் ஆரும் காசை எடுத்திட்டா கதை முடிஞ்சுது, பிறகு பொலிஸ் வழிதான். ஆனா காட் இலக்கத்தைக் குடுத்து ஒரு கடைக்குக் கட்டின காசு அப்பிடி இல்லை. அதுக்கு விசா, மாஸ்டர்காட் ரெண்டும் ஒரு திரும்பிப்போற பாதை வைச்சிருக்கினம், சார்ஜ்பக் எண்டு சொல்லுறது. மாமியின்ரது இந்த வகை. அதாலை இந்தக் கட்டுரையும் அதைப் பற்றி மட்டும்தான்.

சார்ஜ்பக் எப்பிடி ஓடுது எண்டு விளங்கினாத்தான் கடிதத்திலை என்ன எழுதிறது எண்டு விளங்கும். உங்கட பாங் காட்டை வழங்கின பாங். கடைக்காரனுக்கும் ஒரு பாங் இருக்கு, எங்கையோ வெளிநாட்டிலை. நடுவிலை விசா. நீங்கள் "இது நான் செய்யேல்லை" எண்டு எழுதிக் குடுத்தா, உங்கட பாங் அந்தக் காசை கடைக்காரன்ர பாங்கிட்டை இருந்து திருப்பிக் கேக்கும், ஒரு காரண இலக்கத்தோட. விசாவிலை காட் கையிலை இல்லாமல் செய்த மோசடிக்கு அந்த இலக்கம் 10.4. கடைக்காரன்ர பக்கத்துக்கு ஒரு மாதம் மட்டிலை ரைம், "இல்லை இது சரியான ஓடர்தான்" எண்டு ஆதாரம் காட்டி எதிர்க்கலாம், இல்லாட்டி பேசாமல் விட்டா காசு திரும்பின மாதிரி. பாங் தன்ர சொந்தக் காசிலை இருந்து உங்களுக்குத் தாறேல்லை, அதைக் கனபேர் விளங்குறேல்லை. பாங் உங்களுக்காக வாதாடுற ஆள் மாதிரி, அதாலை வாதாடத் தேவையான சாமானை நாங்கள் கடிதத்திலை குடுக்கோணும்.

இதிலை ரெண்டு கட்டாயம் இருக்கு. ஒண்டு, காட்டை நிரந்தரமா மூடி அந்தப் பரிவர்த்தனையை மோசடி எண்டு பாங் விசாவுக்கு அறிவிச்சாப் பிறகுதான் 10.4 போடலாம். அப்பிலை இருக்கிற தற்காலிகப் பூட்டைப் போட்டிட்டு "காட்டைப் பூட்டிப்போட்டன்" எண்டு எழுதினா காணாது, அது திரும்பத் திறக்கக்கூடிய பூட்டு. புது இலக்கத்தோட வேற காட் எடுக்கோணும், கடிதத்திலை "காட் இரத்துச் செய்யப்பட்டது" எண்டு திகதி நேரத்தோட எழுதோணும். மற்றது நாள் கணக்கு. பரிவர்த்தனை பதிவான நாளிலை இருந்து 120 நாளுக்குள்ளை பாங் இதைக் கிளப்பியாகோணும். அது பாங்குக்கு உள்ள காலம், உங்களுக்கு இல்லை, நீங்கள் 118 ஆம் நாள் கடிதத்தைக் கொண்டுபோய்க் குடுத்தா மேசைக்கு வர முதலே காலம் போயிடும். மாமியின்ர ரெண்டும் பெப்ரவரி 5 ஆம் திகதிதான் பதிவானது, ஞாயிறு நடந்தது, 4 ஆம் திகதி சுதந்திரதின லீவு, அதாலை அப்பிடி. 5 இலை இருந்து எண்ணினா யூன் 5 மட்டும். ரெண்டு கிழமை போனாலும் கன நாள் மிச்சம் இருந்தது, அது அதிர்ஷ்டம், சில பேர் ரெண்டு மாதம் கழிச்சு ஸ்டேட்மென்ட் பாத்திட்டுத்தான் வருவினம்.

பதிவானது எண்டு சொன்னதை ஒருக்கா விளக்கோணும், மாமி இதிலைதான் நல்லாக் குழம்பினவ. எஸ்எம்எஸ் வாறது காசைப் பிடிச்சு வைக்கேக்கை. அது இன்னும் போகேல்லை, கணக்கிலை ஒதுக்கி வைச்சிருக்கு, கடைக்காரன் ரெண்டு மூண்டு நாளிலை உண்மையாக் கேக்கேக்கைதான் போகும். அவவுக்கு வந்த எஸ்எம்எஸ்சிலை ஒவ்வொண்டும் 27,132 ரூபா. ஸ்டேட்மென்டிலை 27,395.40. டொலர் விலை அண்டண்டைக்கு மாறும், அதோட பாங்கின்ர மாற்று விகிதமும் சேரும். மாமி கடிதத்திலை எழுதினது எஸ்எம்எஸ் கணக்கைக் கூட்டி "ஏறக்குறைய ஐம்பத்தையாயிரம்", பாங்கின்ர கொம்பியூட்டரிலை அப்பிடி ஒரு தொகையே இல்லை. கடிதத்திலை போடவேண்டியது ஸ்டேட்மென்டிலை உள்ள தொகை, சதம் வரைக்கும், பக்கத்திலை டொலர் தொகை. அந்த ஒரு டொலரை நான் கோரிக்கையிலை இருந்து எடுத்துப்போட்டன். அது காட் வேலை செய்யுதோ எண்டு திருடன் தட்டிப் பாத்தது, பதிவாகவே இல்லை, ஒரு கிழமையிலை தானா விடுபட்டுது. ஆனா கடிதத்திலை நடந்த கதையாச் சொல்லோணும், ஏனெண்டா முதல் ஒரு டொலர், பிறகு பெரிய தொகை, பிறகு காசு முடியிறவரை எண்டு போற அந்த வரிசையே மோசடியின்ர கையெழுத்து, காட் பிரிவிலை இருக்கிற ஆக்கள் கண்டவுடனை பிடிப்பினம்.

சரி, இனி ஓடிபி விசயம். இதுதான் கடிதத்தின்ர முதுகெலும்பு, எல்லாரும் பிழையா விளங்கி வைச்சிருக்கிறதும் இதைத்தான்.

உள்ளூரிலை ஒன்லைனிலை எதையாவது வாங்கினா ஃபோனுக்கு ஓடிபி வருகுது, அதாலை ஓடிபி இல்லாமல் காசு போகாது எண்டு எங்கட ஆக்கள் நினைக்கினம். அப்பிடி இல்லை. ஓடிபி கேக்கிற அந்த முறையை, திரீ-டி செக்யுர் எண்டு பேர், கடைக்காரன் தன்ர பக்கத்திலை வைச்சிருந்தாத்தான் அது ஓடும். வெளிநாட்டுக் கடையள் கனக்க அதை வைக்கிறேல்லை, வாங்குறவன் நடுவிலை ஓடிடுவான் எண்ட பயம். காட் இலக்கம், முடியிற திகதி, பின்னாலை உள்ள மூண்டு இலக்கம், அவ்வளவு போதும். அப்ப விசா சொல்லுறது என்னெண்டா: கடைக்காரா, நீ பாதுகாப்பு முறையைப் பாவிக்காமல் வித்தனி, மோசடி எண்டா நட்டம் உனக்கு. முறையைப் பாவிச்சிருந்தா நட்டம் காட் குடுத்த பாங்குக்கு. பொறுப்பு இப்பிடி ஒரு பக்கத்திலை இருந்து மற்றப் பக்கத்துக்கு மாறும்.

ஆர் பக்கம் பொறுப்பு எண்டு பாங் எப்பிடிப் பாக்கும்? ஒவ்வொரு ஒன்லைன் பரிவர்த்தனையோடையும் ரெண்டு இலக்கத்திலை ஒரு குறி வரும், திரையிலை ECI எண்டு இருக்கும். விசாவிலை 05 எண்டா முழுசா உறுதிப்படுத்தினது. 06 எண்டா கடை முயற்சி செய்தது, மற்றப் பக்கத்திலை பதில் இல்லை, அதுக்கும் கடைக்குப் பாதுகாப்பு உண்டு. 07 எண்டா பாதுகாப்பு முறை ஒண்டும் இல்லை. மாஸ்டர்காட்டிலை அதே விசயம் 02, 01, 00. வாடிக்கையாளருக்கு இது தெரியவேண்டிய தேவை இல்லை எண்டுதான் பாங் நினைக்கும், ஆனா கடிதத்திலை இதைக் கேள்வியாப் போட்டா அதை எடுத்துப் பாக்காமல் பதில் எழுத ஏலாது. இந்த ஒரு வரி கடிதத்தை சரியான மேசைக்குக் கொண்டுபோயிடும், எவ்வளவு கண்ணீர் விட்டு எழுதினாலும் அது நடக்காது.

மாமிக்கு எழுதின கடிதத்தின்ர நடுப்பகுதியை அப்பிடியே போடுறன். முகவரி எல்லாம் விடுறன். மேலை தலைப்பு "முறைப்பாடுகளுக்குப் பொறுப்பான அதிகாரி, தலைமை அலுவலகம்", பிரதி கிளை முகாமையாளருக்கு. பொறுப்பான அதிகாரியின்ர விபரம் பாங்கின்ர இணையப் பக்கத்திலை இருக்கும், இல்லாட்டி கிளையிலை கேட்டா சொல்லுவினம்.

> பொருள்: டெபிட் காட் மூலம் எனது அனுமதியின்றி செய்யப்பட்ட இரண்டு இணையவழிக் கொடுப்பனவுகள் – தகராறு எழுப்பித் தொகையை மீள வரவு வைக்கக் கோரல்
>
> 02.02.2025 அதிகாலை 2.14க்குப் பின்னர் எனது டெபிட் காட்டினூடாக (இறுதி நான்கு இலக்கங்கள் ....) தலா 89.99 அமெரிக்க டொலர் கொண்ட இரண்டு கொடுப்பனவுகள் செய்யப்பட்டுள்ளன. இவை 05.02.2025 அன்று தலா ரூபா 27,395.40 ஆக, மொத்தம் ரூபா 54,790.80 ஆக எனது கணக்கில் பற்று வைக்கப்பட்டுள்ளன. இவற்றுக்கு முன்னர் ஒரு டொலர் கொண்ட முயற்சியும், பின்னர் மீதி போதாமையால் நிராகரிக்கப்பட்ட முயற்சியும் இடம்பெற்றன.
>
> இக்கொடுப்பனவுகளை நானோ எனது அனுமதியுடன் வேறு எவருமோ செய்யவில்லை. அவ்வேளையில் காட் என்னிடமே இருந்தது. எனது தொலைபேசிக்கு ஓடிபி எதுவும் வரவில்லை. நான் எவருக்கும் ஓடிபியோ காட் விபரமோ வழங்கவில்லை. அன்றே காலை 5.52க்கு உங்கள் ஹொட்லைனுக்கு அறிவித்து காட்டை நிரந்தரமாக இரத்துச் செய்தேன். முறைப்பாட்டு இலக்கம் ....
>
> 06.02.2025 திகதிய எனது கடிதத்துக்கு நீங்கள் அனுப்பிய பதில் இன்ரநெற் பாங்கிங் பற்றியது. எனது முறைப்பாடு காட் கொடுப்பனவு பற்றியது. ஆகவே பின்வருவனவற்றைக் கேட்டுக்கொள்கிறேன்: இவ்விரு கொடுப்பனவுகளையும் மோசடி என விசாவுக்கு அறிவித்து, காலக்கெடுவுக்குள் சார்ஜ்பக் எழுப்புதல், இவை திரீ-டி செக்யுர் மூலம் உறுதிப்படுத்தப்பட்டனவா, ECI பெறுமதி என்ன என எழுத்தில் அறிவித்தல், ஓடிபி அனுப்பப்பட்டதாக உங்கள் பதிவில் இருப்பின், எந்த இலக்கத்துக்கு எத்தனை மணிக்கு என அறிவித்தல், தொடர்புடைய கட்டணங்களையும் சேர்த்து மீள வரவு வைத்தல்.

இவ்வளவும்தான். ஒரு பக்கம். மாமிக்கு இது சப்பெண்டு இருந்தது, "மாமா செத்தபிறகு நான் தனிய இருக்கிறதை ஒரு வரி எழுதன்" எண்டு கேட்டவ. நான் மாட்டன் எண்டன். மனமில்லாமல் இல்லை, வாசிக்கிற பிள்ளை தன்ர திரையிலை நிரப்பவேண்டிய பெட்டியளுக்கு விடை தேடிக்கொண்டு வாசிக்கும், அதுக்கு நடுவிலை மாமாவைக் கொண்டுவந்தா மாமாவைத் தாண்டிப் போகேக்கை திகதியையும் தாண்டிப் போயிடும். முதல் கடிதத்திலை அதுதான் நடந்தது.

முழுக் காட் இலக்கத்தை எழுதாதேங்கோ, கடைசி நாலு காணும், கடிதம் எத்தினை கை மாறும் எண்டு தெரியாது. பின்னாலை உள்ள மூண்டு இலக்கத்தை எழுதினா அதைவிட விசர்த்தனம் ஒண்டும் இல்லை, ஒருத்தர் எழுதிக்கொண்டு வந்தவர், நான் கண்ட கண்ணாலை சொல்லுறன். இணைக்கவேண்டியது எஸ்எம்எஸ்சின்ர ஸ்கிரீன்ஷொட், ஸ்டேட்மென்டிலை அந்தப் பக்கம், அடையாள அட்டைப் பிரதி. பாங்கின்ர சொந்த தகராறுப் படிவம் ஒண்டு இருக்கும், அதை நிரப்பாமல் கடிதத்தை மட்டும் குடுத்தா "படிவம் இல்லை" எண்டு இன்னொரு கிழமை போகும், அதாலை கவுண்டரிலை கேட்டு வாங்கி சேத்துக் குடுங்கோ. படிவம் இங்கிலீஷிலை இருந்தாலும் கடிதம் தமிழிலை எழுதலாம், மறுக்க அவைக்கு ஏலாது.

படிவத்திலை ஒரு பொறி இருக்கு. காரணம் கேட்டு அஞ்சாறு பெட்டி போட்டிருக்கும்: நான் செய்யேல்லை, சாமான் வரேல்லை, ரெண்டு தரம் வெட்டிப்போட்டினம், சந்தாவை நிப்பாட்டினாப் பிறகும் வெட்டினவை, இப்பிடி. கோவத்திலை ரெண்டு மூண்டுக்குப் புள்ளடி போடுறவை இருக்கினம். "நான் செய்யேல்லை" எண்டதோட "சாமான் வரேல்லை" எண்டதுக்கும் போட்டா ரெண்டும் ஒண்டையொண்டு வெட்டும், வாங்காத ஆளுக்கு எப்பிடி சாமான் வரும்? கடைக்காரன்ர பாங் அதைத் தூக்கிப் பிடிக்கும். அதே மாதிரி ஒரு கிழமை இலவசம் எண்டு காட்டைக் குடுத்து பதிஞ்சிட்டு மறந்துபோய், பிறகு காசு வெட்டுப்பட்டா அது மோசடி இல்லை, சந்தாத் தகராறு, அதுக்கு வேற காரண இலக்கம், வேற ஆதாரம். மோசடி எண்டு எழுதினா கடைக்காரன் உங்கட மெயில் விலாசத்தையும் நீங்கள் பதிஞ்ச திகதியையும் காட்டுவான், தோத்துப்போவியள். எழுத முதல் வீட்டிலை ஒருக்கா விசாரிக்கிறதும் நல்லது. போன வருசம் ஒரு வீட்டிலை பெரிய ரகளை, கடைசியிலை பாத்தா பேரன் அம்மம்மாவின்ர ஃபோனிலை கேமுக்கு வைரக்கல்லு வாங்கியிருக்கிறான்.

மாமி கடிதத்தை ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் உள்ள கிளையிலை கொண்டுபோய்க் குடுத்தவ, பெப்ரவரி 25. ரெண்டு பிரதி எடுத்துக்கொண்டு போகச் சொன்னனான், ஒண்டிலை பாங்கின்ர முத்திரை குத்தி, திகதி போட்டு, வாங்கின ஆள் கையெழுத்து வைச்சுத் தரவேணும். அந்தப் பிள்ளை முதல் "தேவையில்லை அன்ரி, நாங்கள் அனுப்புவம்" எண்டிருக்கு. ரீச்சர் விடுவாவே. இன்னொரு பிரதி தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத்தபாலிலை, துண்டு பத்திரமா. முதல் கடிதத்துக்கு அவவிட்டை எந்த முத்திரையும் இல்லை, பதில் வந்தபடியாத்தான் குடுத்தது எண்டே நிரூபிக்க முடிஞ்சுது.

மார்ச் 11 பதில் வந்தது. ECI 07, சார்ஜ்பக் எழுப்பியாச்சு. இந்த இடத்திலை மாமியின்ர கதை சுகமாப் போகுது, ஆனா எல்லாருக்கும் 07 வராது, அதைச் சொல்லாமல் விட்டா நான் பாதியைத்தான் சொன்னதாப் போகும்.

05 எண்டு வந்தா? பாங் எழுதும்: பரிவர்த்தனை முறையாக உறுதிப்படுத்தப்பட்டது, ஆகவே பொறுப்பேற்க முடியாது. கனபேர் அதோட கையை விரிச்சிடுவினம். ஆனா 05 எண்டா ஓடிபி அடிச்சது எண்டு அர்த்தம் இல்லை. இப்ப உள்ள புது முறையிலை, காட் குடுத்த பாங்கின்ர பக்கத்திலை உள்ள சிஸ்டம் ஃபோன், இடம், தொகை எல்லாம் பாத்து "ஆபத்து இல்லை" எண்டு நினைச்சா ஓடிபி கேக்காமலே உறுதிப்படுத்தி விடும். அதுவும் 05 தான். அப்ப நீங்கள் ஒண்டும் குடுக்கேல்லை, பாங்கின்ர சொந்த சிஸ்டம்தான் கதவைத் திறந்துவிட்டது. கடைக்காரனிட்டை போக ஏலாது, உண்மை, ஆனா நட்டம் உங்கட தலையிலை எண்டு ஆகாது, அது உங்களுக்கும் பாங்குக்கும் இடையிலை உள்ள வழக்கு. அதாலைதான் கடிதத்திலை ஓடிபி எந்த இலக்கத்துக்கு எத்தினை மணிக்கு எண்டு தனியாக் கேட்டு வைச்சது. "அனுப்பப்படவில்லை" எண்டு எழுத்திலை வந்தா அந்தக் கடுதாசி தங்கம். வேற இலக்கத்துக்குப் போயிருந்தா, உங்கட இலக்கத்தை ஆர் எப்ப மாத்தினது எண்டது அடுத்த கேள்வி.

உங்கட இலக்கத்துக்கே வந்து, நீங்கள் அதை அடிச்சிருந்தா, அது வேற கதை. பார்சல் வந்து நிக்குது, சின்னத் தொகை கட்டுங்கோ எண்டு எஸ்எம்எஸ் வந்து, அதை அமத்தி காட் விபரமும் ஓடிபியும் குடுத்த ஆக்கள் எங்கட பக்கம் கனபேர். அப்பிடி நடந்திருந்தா "எவருக்கும் ஓடிபி வழங்கவில்லை" எண்டு எழுதாதேங்கோ. பாங்கின்ர பதிவிலை நீங்கள் அடிச்ச நேரம் செக்கன் கணக்கிலை கிடக்கும், ஒரு பொய் பிடிபட்டா மிச்ச உண்மையும் சேந்து போகும். நடந்ததை அப்பிடியே எழுதி, ஓடிபி எஸ்எம்எஸ்சிலை எந்தக் கடை, எவ்வளவு தொகை எண்டு போட்டிருந்ததோ எண்டு பாருங்கோ. 100 ரூபா எண்டு நம்பி அடிச்ச ஓடிபியிலை தொகையே காட்டாமல் வந்திருந்தா, அது பாங்கின்ர பக்கத்துக் குறை, அதைச் சொல்லலாம். வெல்லுற வாய்ப்பு குறைவுதான், மறைக்கேல்லை.

பாங் மாட்டன் எண்டு முடிவா எழுதினா, இல்லாட்டி பதிலே வரேல்லை எண்டா, மத்திய வங்கியிலை நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் எண்டு ஒண்டு 2020 இலை இருந்து இருக்கு, 1935 க்கு அடிக்கலாம், எழுத்திலையும் குடுக்கலாம். ஆனா நேரை அங்கை போனா முதல் கேக்கிறது "பாங்குக்கு எழுதினீங்களோ, என்ன பதில்" எண்டுதான். முத்திரை குத்தின பிரதி அங்கைதான் வேலை செய்யும். பொலிஸிலையும் ஒரு முறைப்பாடு போட்டு வைக்கலாம், சில பாங் கேக்கும், திருடனைப் பிடிப்பினம் எண்டு நினைச்சுப் போடாதேங்கோ.

மாமிக்கு மார்ச் கடைசியிலை காசு கணக்கிலை விழுந்தது. உடனை திருநெல்வேலிக்குப் போய் சாமான் வாங்கப் பாத்தா, நான் மறிச்சன். அது தற்காலிக வரவு, ஸ்டேட்மென்டிலை அப்பிடித்தான் போட்டிருந்தது, கடைக்காரன் எதிர்த்தா திரும்ப எடுப்பினம், கணக்கிலை காசு இல்லாட்டி மைனஸிலை போகும். ஏப்ரல் 22 அளவிலைதான் முடிஞ்சுது எண்டு கடிதம் வந்தது, அந்தக் கடை எதிர்க்கவே இல்லை.

ஸ்டேட்மென்டை ரெண்டு பேருமா வைச்சுப் பாத்தம். 27,395.40 ரெண்டு தரம், சரி. ஆனா பெப்ரவரியிலை அந்த ரெண்டுக்கும் கீழை வெளிநாட்டுக் கொடுப்பனவுக் கட்டணம் எண்டு தனி வரியா வெட்டினது திரும்பி வரேல்லை. பெரிய காசு இல்லை, சில நூறு ரூபா. கடிதத்திலை கடைசி வரியிலை கேட்டிருந்தம், ஆனா சார்ஜ்பக்கிலை கடைக்காரன் திருப்பித் தாறது தன்ர டொலரை மட்டும்தான், கட்டணத்தை பாங் தன்ர கையாலை திருப்பி வைக்கோணும், அதை ஒருத்தரும் தானாச் செய்ய மாட்டினம். மாமி இந்த முறை என்னைக் கூப்பிடேல்லை. தானே ரெண்டு வரியிலை எழுதி, திகதியும் தொகையும் போட்டு, பழைய முறைப்பாட்டு இலக்கத்தையும் போட்டு, முத்திரை குத்தின பிரதியைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினவ. மாமாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.